ஓபிஎஸ்ஸில் இரண்டு வருடம்: ஒட்டிக்கொள்ளும் ஓரங்களும் நாற்பது பிக்சலும்

மிருதங்க வகுப்பை லைவ் விடப்போகும் நண்பர் போன வாரம் போன் செய்து, "உங்க வீட்டு வீணை வகுப்புல கட்டமெல்லாம் அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கே, எப்படிப்பா?" என்றார். அளவெடுத்துத்தான் வைத்தேன். அதற்கு முன்னால் மூன்று மாதம் மவுஸால் இழுத்து இழுத்து வெறுத்துப்போன கதையை அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

எங்கள் திரை 1920-க்கு 1080. மேலே இடது மூலையில் மனைவியின் முகம், பக்கத்தில் ஸ்வரம் எழுதிய பலகை, கீழே முழு அகலத்துக்கு வீணையின் மெட்டுகளைக் காட்டும் இரண்டாவது கேமரா. எல்லாவற்றுக்கும் நடுவிலும் சுற்றிலும் 40 பிக்சல் இடைவெளி வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இதற்கு நாங்கள் வைத்திருப்பது ஓபிஎஸ் என்ற லைவ் ஒளிபரப்பு மென்பொருள். அதில் ஒரு கட்டத்தை இழுத்துக்கொண்டு போனால் திரை ஓரத்தோடோ இன்னொரு கட்டத்தின் ஓரத்தோடோ தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைப்பதில் கெட்டிக்காரன். இடைவெளி விட்டு நிறுத்துவதில்தான் தகராறு. ஒட்டும் தூரம் 10 என்று செட்டிங்கில் போட்டிருக்கும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியும் பிரிவியூவின் 10 பிக்சல், ஒளிபரப்பாகும் படத்தின் 10 இல்லை. எங்களுடையது சின்ன லேப்டாப், ஸ்டுடியோ மோடில் பிரிவியூ இரண்டாகப் பிரிந்து அசலில் கால் பங்காகச் சுருங்கிவிடும். அப்போது 10 என்பது 40 ஆகிறது. அதாவது எனக்கு எந்த இடைவெளி வேண்டுமோ சரியாக அங்கே கொண்டுபோய் வைத்தால், சடக்கென்று இழுத்து ஓரத்தில் ஒட்டிவிடும்! இது புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. Ctrl பிடித்துக்கொண்டு இழுத்தால் ஒட்டாது, சரி, ஆனால் அப்புறம் கையால் நேராக நிறுத்துவது யார்?

கட்டத்தைத் தேர்வு செய்தால் திரை ஓரத்துக்கு எத்தனை பிக்சல் என்று காட்டும் கோடு இருக்கிறது, உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அது திரை ஓரத்துக்கு மட்டும், இரண்டு கட்டத்துக்கு நடுவே எவ்வளவு என்று சொல்லாது. நாமே ஒரு கோடு போட்டு நிறுத்திவைக்கவும் வழியில்லை. அதனால் இளஞ்சிவப்புக் கோடு போட்ட ஒரு படத்தைச் செய்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன், வேலை முடிந்ததும் மறைக்க மறந்தேன். இருபது நிமிடம் லைவில் ஓடியது. "அந்தக் கோடு தாளத்துக்கா மேடம்?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

இப்போது மவுஸைத் தொடுவதில்லை. கட்டத்தைத் தேர்வு செய்து Ctrl+E அடித்து, திறக்கும் Edit Transform பெட்டியில் எண்ணைத் தட்டுகிறேன், முதலில் இடம், பிறகு அளவு. முகம் 40, 40-ல், 500-க்கு 500. பலகை 580, 40-ல், 1300-க்கு 500. வீணை 40, 580-ல், 1840-க்கு 460. கூட்டிப் பாருங்கள், எங்கும் 40 விட்டு அச்சாக உட்காரும். இழுத்து வைத்த காலத்தில் அளவு தசமத்தில் வந்து நிற்கும், சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே முடி அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அதுவும் போயிற்று.

கிராப் விஷயம்தான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். முதலில் Alt பிடித்து ஓரத்தை இழுத்துத்தான் வெட்டினேன்: முகத்துக்கு இடமும் வலமும் 420 போனால் 1080-க்கு 1080 சதுரம் மிஞ்சும். ஒரு நாள் போன் கேமரா தானாக 1280-க்கு 720-க்கு இறங்கியது. வெட்டு என்பது கேமராவின் சொந்தப் பிக்சலில் எழுதிவைத்த கணக்கு, அது மாறவில்லை. மூக்கும் வாயும் மட்டும் தெரியும் ஒரு பட்டை மூலையில் தொங்கியது. அதன்பின் கையால் வெட்டுவதை விட்டுவிட்டேன். அதே Edit Transform பெட்டியில் Scale to outer bounds தேர்ந்தெடுத்து, கட்ட அளவை 500-க்கு 500 கொடுத்து, Crop to Bounding Box டிக் செய்தால் கேமரா எந்த அளவில் வந்தாலும் கட்டத்தை நிரப்பி மீதியைத் தானே வெட்டிக்கொள்கிறது. என்ன, அலைன்மென்ட்டை மாற்றாமல் விட்டால் நடுப்பகுதியைத்தான் வைத்துக்கொள்ளும், ஆகவே வீணையின் மெட்டுகள் கேமரா படத்தின் நடுவில் விழும்படி ஸ்டாண்டை நகர்த்தினேன். அதைச் செய்த பிறகு ஆறு மாதமாகத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த காட்சிக்கு Copy Transform, Paste Transform, முடிந்தது.

இவ்வளவு புகழ்ந்தும் நண்பரிடம் சொன்னது வேறு: ஒரே கேமராதான் என்றால் இதில் இறங்காதே, போனை நேராக வைத்து லைவ் போட்டுவிடு. அவர் கேட்கவில்லை, மூன்று கேமராவாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், கால்குலேட்டரோடு போகிறேன்.