கீலில் வெட்டுவதா, முழு விட்டமாகவே வைப்பதா?

மதுரை திருநகரில் என் வீட்டு மாடியில் நடக்கும் மாலை வகுப்பில், சென்ற வாரம் இரண்டு மாணவர்கள் ஒரே கணக்குக்கு வெவ்வேறு விடை காட்டினார்கள். இருவருமே "சரிபார்த்துவிட்டேன் சார்" என்றார்கள்.

கணக்கு இதுதான். ஏழு மீட்டர் நீளமுள்ள விட்டம். இடது முனை 'அ' சுவரில் அசையாமல் பதிந்திருக்கிறது. அங்கிருந்து 3 மீட்டரில் 'ஆ' என்ற இடத்தில் உள்கீல், அதாவது திருப்புத்திறனைக் கடத்தாத இணைப்பு. வலது முனை 'இ' உருளைத் தாங்கியின் மேல் இருக்கிறது. நீளம் முழுவதும் மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சுமை. தாங்கி எதிர்வினைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் மாணவி கீலில் வெட்டினாள். வலது துண்டு 4 மீட்டர். அதன் சுமை 40. அது இரு முனைகளில் தாங்கிய சாதாரண விட்டம் போலத்தான், ஆகவே 'இ'யில் 20, கீலில் 20. அந்தக் கீல் விசையை இடது துண்டின் நுனியில் கீழ்நோக்கித் திருப்பி வைத்தாள். இடது துண்டின் சொந்தச் சுமை 30. எனவே 'அ'வில் மேல்நோக்கி 50, சுவர் தரவேண்டிய திருப்புத்திறன் 30×1.5 + 20×3 = 105 கிலோநியூட்டன் மீட்டர்.

இந்த வழியில் எந்தத் துண்டில் தொடங்குகிறோம் என்பதே முக்கியம். இடது துண்டில் தொடங்கினால் தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் இரண்டு, அங்கேயே நின்றுவிடுவோம். கீல் இல்லாவிட்டால் தனியே நிற்க முடியாத, கீலில் தொற்றிக்கொண்டிருக்கும் துண்டையே முதலில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது மாணவன் விட்டத்தை முழுதாகவே வைத்தான். மொத்தச் சுமை 70, நடுவில், அதாவது 'அ'விலிருந்து 3.5 மீட்டரில். கீலுக்கு வலப்புறம் திருப்புத்திறன் பூஜ்யம் என்ற சமன்பாட்டை எழுதும்போதும் அதே 70-ஐ, கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டான். 'இ'யில் 8.75 வந்தது. மிச்சம் 61.25 'அ'வுக்குப் போனது, திருப்புத்திறன் 183.75.

அவன் சரிபார்த்ததும் உண்மை. கூட்டினால் 70 வருகிறது. 'அ'வைச் சுற்றிய திருப்புத்திறனும் சமன்படுகிறது. முழு விட்டத்தின் சமநிலை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் அந்தச் சமன்பாடுகளை வைத்தே மற்ற இரண்டு விடைகளையும் எடுத்திருக்கிறான். பிழையைக் காட்டுவது கீலின் இடப்புறம்தான்: 61.25×3 − 183.75 − 45 = −45. பூஜ்யம் வரவேண்டிய இடம் அது. மாணவியின் விடையில் 50×3 − 105 − 45 சரியாகப் பூஜ்யம்.

இரண்டாம் வழியே தவறு என்று சொல்லமாட்டேன். வலப்புறச் சுமை 40-ஐ மட்டும் எடுத்திருந்தால் 'இ'யில் 20 ஒரே வரியில் வந்திருக்கும். தாங்கி எதிர்வினைகள் மட்டும் கேட்டால் அதுவே வேகமானது. ஆனாலும் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் வெட்டும் வழியையே கொடுக்கிறேன். வெட்டிய பிறகு சுமையைப் பிரிக்காமல் இருக்கவே முடியாது. அதோடு கீல் ஊசி தாங்கவேண்டிய 20 கிலோநியூட்டனும் கையில் கிடைக்கிறது. மாணவனின் முறையில் அந்த எண் எங்குமே தென்படுவதில்லை. ஊசியின் தடிமனை முடிவுசெய்ய அதைத் தனியே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.