சீதாப்பழ விதைப் பொடியைத் தலையில் பூசிப் பேன் எடுக்கும் இடங்கள்: பெற்றோர் கவனத்துக்கு

"ஒரே அமர்வில் பேன், ஈறு முழுவதும் ஒழியும், உத்தரவாதம் உண்டு" என்று பலகை வைத்திருக்கும் அழகு நிலையங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். திருச்சியில் எங்கள் பகுதியில் இருக்கும் அப்படியொரு நிலையம், நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பேன் நீக்குவதாகச் சொல்லி 1,800 ரூபாய் வாங்கியது. பேனும் ஒழியவில்லை, பிள்ளையின் கண்ணும் புண்ணானது.

அங்கே நடந்தது இதுதான். அடையாளச் சீட்டு எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பையிலிருந்து பழுப்பு நிறப் பொடியை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தார்கள். வேர்க்கால் முதல் நுனி வரை பூசி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அது என்ன பொடி என்று கேட்டேன். "எல்லாம் மூலிகைதான் மேடம், பக்கவிளைவே கிடையாது" என்றார் அந்தப் பெண். அலசும்போது பிள்ளையைத் தொட்டியின் மேல் முன்பக்கமாகக் குனிய வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கரைந்த பொடி நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கியது. எரிகிறது என்று அவள் அலறியதும் ஈரத்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, "சற்று நேரத்தில் அடங்கிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடங்கவில்லை. அன்று இரவு வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. விளக்கைப் போட்டால் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது. விடிந்ததும் கண் மருத்துவரிடம் போனோம். கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேனுக்காகத் தலையில் ஏதாவது பூசினீர்களா?" என்பதுதான். மஞ்சள் சாயச் சொட்டு ஒன்றை விட்டு, நீல வெளிச்சத்தில் கருவிழியைக் காட்டினார். மேல்தோல் உரிந்துபோன இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. சீதாப்பழ விதைப் பொடி கண்ணில் பட்டு இப்படி வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்றார். பிறகு நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, அந்தப் பொடியில் சீதாப்பழ விதை இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். நோய்த்தொற்று வராமலிருக்க ஒரு சொட்டு மருந்து, கண் உலராமலிருக்க இன்னொன்று என்று விட்டதில் கருவிழிப் புண் ஆறியது, பார்வைக்குக் குறை இல்லை. ஆனால் அதுவரை பிள்ளை பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது.

சீதாப்பழ விதையை அரைத்துத் தலையில் தேய்ப்பது நம் ஊரில் பலருக்கும் தெரிந்த வைத்தியம். அந்த விதையில் பூச்சிகளைக் கொல்லும் நஞ்சு இருப்பது உண்மைதான். அதே நஞ்சு கருவிழியின் மேல்தோலையும் அரித்துவிடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. வீட்டில் பாட்டி அரைத்துக் கொடுத்தாலும், கடையில் பொட்டலமாக வாங்கினாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். யாருக்காவது இது கண்ணில் பட்டுவிட்டால், துடைக்காதீர்கள், கசக்க விடாதீர்கள். உடனே சுத்தமான தண்ணீரைக் கண்ணைத் திறந்து பிடித்தபடி குறைந்தது கால் மணி நேரம் தொடர்ந்து ஊற்றுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். அந்தப் பொடிப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது அந்த உத்தரவாதம். ஒரு வாரம் கழிந்த பின் மகள் மறுபடி சொறியத் தொடங்கினாள். நிலையத்தில் போய்க் கேட்டால், "நாங்கள் முழுவதும் எடுத்துவிட்டோம், பள்ளியிலிருந்து புதிதாகத் தொற்றியிருக்கிறது" என்று சொல்லி, மறுபடி செய்ய முழுப் பணமும் கேட்டார்கள். அது பொய் என்பதை அவள் தலையில் இருந்த பேன்களே காட்டிக்கொடுத்தன. எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் யாரும் உங்களை இப்படி ஏமாற்ற முடியாது.

வளர்ந்த பேன் எள்ளளவு இருக்கும். பெண் பேன் நாளுக்கு ஏழெட்டு முட்டை வரை இடும். ஒவ்வொரு முட்டையையும் தலைத்தோலை ஒட்டியபடி முடித்தண்டில் பசைபோட்டு ஒட்டிவிடும். அதைத்தான் ஈறு என்கிறோம். அது பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வெளியே வரும் குஞ்சு குண்டூசித் தலையளவுதான் இருக்கும். அது வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் வேண்டும். பேன் மருந்துகளில் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. புதிதாக இட்ட முட்டைக்குள் முதல் சில நாட்களுக்கு நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது, ஆகவே மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஊர்ந்துகொண்டிருந்தவை செத்தாலும் ஈறுகள் பிழைத்து, அடுத்த வாரம் பொரிக்கின்றன. அந்த நிலையத்தில் பூசியதைப் போன்ற பொடிக்கு "ஒரே அமர்வு" என்று உத்தரவாதம் கொடுக்கவே முடியாது.

பிள்ளையின் தலையை வெள்ளைத் துண்டின் மேல் குனிய வைத்துச் சீவினேன். விழுந்தவை எல்லாம் குண்டூசித் தலையளவுக் குஞ்சுகள், எள்ளளவில் ஒன்றுகூட இல்லை. வேறொரு தலையிலிருந்து புதிதாக ஏறியிருந்தால் வளர்ந்த பேனும் கூடவே இருந்திருக்கும், ஏனென்றால் தலைக்குத் தலை ஊர்ந்து போவதில் வளர்ந்தவைதான் முந்தும். ஒரே அளவில் சின்னஞ்சிறு குஞ்சுகள் மட்டும் இருக்கின்றன என்றால், விட்டுப்போன ஈறுகள் பொரித்திருக்கின்றன என்று பொருள். மாறாக, மருந்து போட்ட மறுநாளே வளர்ந்த பேன்கள் சுறுசுறுப்பாக ஓடினால், அந்த மருந்துக்கு அவை அசைந்து கொடுக்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது அதையே திரும்பத் திரும்பப் போடாமல் வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

ஈறு தெரிந்தாலே பேன் இருக்கிறது என்று பயமுறுத்துவதும் இந்த வியாபாரத்தில் உண்டு. உயிருள்ள ஈறு பழுப்பாக, தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதைவிட விலகி வெள்ளையாகத் தெரிபவை பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடுகள். பொடுகு என்றால் விரலால் தட்டியதும் உதிரும். ஈறு உதிராது, நகத்தால் இழுத்தால்தான் வரும்.

எங்களுக்குக் கடைசியில் கைகொடுத்தது தோல் மருத்துவர் சொன்ன எளிய முறை. 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன். மருந்துக்கடையில் கேட்கும்போது சதவீதத்தைச் சொல்லிக் கேளுங்கள். 5 சதவீதத்தில் வரும் பெர்மெத்ரின் களிம்பு சொறிசிரங்குக்கானது. தலைக்குக் குளித்து, துவட்டி, முடி ஈரமாக இருக்கும்போதே காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாகப் படும்படி பூசி, பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து ஒட்டாது, அதனால் அன்றைக்கு அது வேண்டாம். அலசும்போது தலையைப் பின்பக்கம் சாய்த்து, கண்ணைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்பதாம் நாள் வாக்கில் அதே மருந்தை இரண்டாம் முறை போட வேண்டும். அதற்குள் பெரும்பாலான ஈறுகள் பொரித்திருக்கும், குஞ்சுகள் இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது. இந்த இரண்டாவது முறையை விட்டுவிட்டால் முதல் முறை போட்டதற்குப் பலனே இல்லை. கைக்குழந்தைக்கும் கருவுற்றிருப்பவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் சீப்பை மட்டும் நம்பியும் செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஈர முடியில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவினால் பேன் ஓட முடியாமல் சிக்கிக்கொள்ளும். நெருக்கமான உலோகப் பற்கள் உள்ள பேன் சீப்பால், முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, தோலைத் தொட்டு நுனி வரை இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 1, 5, 9, 13 ஆகிய நாட்களில் செய்து, 17ஆம் நாள் ஒன்றும் வராவிட்டால் தலை சுத்தமாகிவிட்டது.

வீட்டில் எல்லாருடைய தலையையும் ஒரே மாலையில் பார்ப்பது முக்கியம். எங்கள் வீட்டில் பேத்தியோடு ஒரே தலையணையில் படுக்கும் என் மாமியாருக்கும் இருந்தது. அத்தைக்கு அரிப்பே இல்லை. முதன்முறை பேன் பற்றியவர்களுக்கு அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு தோன்ற நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை அவர்களுக்கே தெரியாமல் அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பேன் பறக்காது, குதிக்காது. தலையும் தலையும் முட்டும்போதுதான் பெரும்பாலும் ஊர்ந்து ஏறுகிறது. பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து ஒரே நோட்டில் குனிந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது வருவதில் ஆச்சரியம் இல்லை, அசுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் இறந்துவிடும். தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் அலசினால் போதும். "வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும்" என்று அந்த நிலையத்தில் தனியாக ஒரு தொகை கேட்டார்கள். அதற்கு எந்தத் தேவையும் கிடையாது. மண்ணெண்ணெய், கொசு மருந்து, எறும்புப் பொடி இவற்றைத் தலையில் போடுவது உயிருக்கே ஆபத்து.

மகளின் பெஞ்சுத் தோழியின் அம்மாவிடம் நானே பேசினேன். அவர் முதலில் சங்கடப்பட்டார், பிறகு அன்றே பார்த்துவிட்டு, "இருக்கு அக்கா, நானும் போட்டுவிடுகிறேன்" என்றார். இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில் மருந்து போட்டோம். இப்போது இருவர் தலையும் சுத்தமாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதைக் கவனித்தேன். அதில் பேன் சிகிச்சை என்று எங்குமே இல்லை, "ஹேர் ஸ்பா" என்று எழுதியிருந்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன், கண் மருத்துவரின் சீட்டையும் இணைத்திருக்கிறேன். இப்படி எங்காவது போனால், பூசுவதற்கு முன் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். விற்பனைக்கு வரும் சித்த, ஆயுர்வேத மருந்தின் மேல் உட்பொருள் பட்டியலும் தயாரிப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளையின் தலையில் வைக்க விடாதீர்கள், ரசீதில் செய்த சிகிச்சையின் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.