இரண்டரை லட்சத்துக்கு மேல் பி.எஃப்.: மிஞ்சும் பணத்தை எங்கே வைப்பது?

சம்பளத்தில் பிடிக்கும் கட்டாய பி.எஃப். போக, தாமாக விரும்பி வி.பி.எஃப். என்ற பெயரில் கூடுதலாகக் கட்டி வந்தவர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. அந்த ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 10(11), 10(12) பிரிவுகளில் செய்த திருத்தத்தின்படி, ஊழியர் தம் பங்காக ஒரு நிதியாண்டில் 2,50,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால், மேலே சென்ற தொகைக்குக் கிடைக்கும் வட்டி வரிக்கு உட்படும். நிறுவனத்தின் பங்கே இல்லாத நிதியில், அதாவது அரசு ஊழியரின் ஜி.பி.எஃப். போன்றவற்றில், இந்த வரம்பு 5,00,000 ரூபாய். இனி நான் பேசப்போவது தனியார் துறையினரின் இரண்டரை லட்சத்தைப் பற்றி மட்டுமே. ஏனெனில் மிஞ்சும் பணத்தை அங்கேயே விடுவதா, வேறிடம் கொண்டுபோவதா என்று தேர்ந்தெடுக்கும் சிக்கல் அவர்களுக்குத்தான் அதிகம்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு தவறான எண்ணத்தை விலக்கியாக வேண்டும். வரம்பைத் தாண்டினால் பி.எஃப். வட்டி முழுவதற்கும் வரி வந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். அப்படி இல்லை. 2021 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்ட 9டி விதி, ஒரே பி.எஃப். கணக்குக்குள் இரண்டு பேரேடுகளை வைக்கச் சொல்கிறது. 2021 மார்ச் 31 அன்று இருந்த இருப்பு முழுவதும், அதன்பின் ஆண்டுதோறும் வரம்புக்குள் கட்டிய தொகையும், இவற்றின் வட்டியும் வரியில்லாப் பேரேட்டில் இருக்கும். வரம்புக்கு மேல் சென்ற தொகையும் அதன் வட்டியும் வரிக்குரிய பேரேட்டுக்குப் போகும். நிறுவனம் கட்டும் பங்கு இந்த இரண்டரை லட்சக் கணக்கில் சேராது.

நாம் எடுக்கும் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது, பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு கூறு. ஓராண்டில் வரம்பைத் தாண்டிய பணம் வரிக்குரிய பேரேட்டுக்குள் நுழைந்துவிட்டால், அடுத்த ஆண்டு நீங்கள் வரம்புக்கு வெகு கீழே கட்டினாலும் அது மறுபக்கம் திரும்பி வராது. கணக்கில் இருக்கும் வரை அந்தப் பணத்தின் வட்டிக்கும், அந்த வட்டி ஈட்டும் வட்டிக்கும் ஆண்டுதோறும் வரி உண்டு. இந்த ஆண்டில் பயன்படுத்தாமல் விட்ட வரம்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் வழியில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 1,50,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு, 12 விழுக்காட்டின்படி மாதம் 18,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். அவர் வி.பி.எஃப். ஆக மேலும் 10,000 ரூபாய் கட்டுகிறார். மாதம் 28,000 என்ற கணக்கில் ஆண்டுக்கு 3,36,000 ரூபாய் ஆகிறது. வரம்பைத் தாண்டியது 86,000 ரூபாய். எட்டு மாதம் வரை 2,24,000 ரூபாய்தான் சேர்ந்திருக்கும் என்பதால் ஒன்பதாம் மாதத்தில்தான் வரம்பைத் தாண்டுகிறார். ஆகவே 8.25 விழுக்காடு வட்டியில் முதலாண்டின் வரிக்குரிய வட்டி ஏறத்தாழ 619 ரூபாய்தான் வரும். இந்தச் சிறு தொகையைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா’ என்று அமைதியாகிவிடுகிறார்கள். ஆனால் இதே தொகையை இதே வட்டியில் தொடர்ந்து கட்டினால் இரண்டாம் ஆண்டில் அது 7,765 ரூபாயாகவும், மூன்றாம் ஆண்டில் சுமார் 15,500 ரூபாயாகவும், ஐந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 32,900 ரூபாயாகவும் வளர்கிறது. 30 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்குக் கூடுதல் வரியான செஸ் சேர்த்து 31.2 விழுக்காடு என்றால், ஐந்தாம் ஆண்டில் மட்டும் 10,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரி. வட்டி பி.எஃப்.-க்குள் பூட்டிக் கிடக்க, வரியைக் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கிறது. வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.டி.எஸ். 10 விழுக்காடு போனாலும் மீதியை நாம்தான் செலுத்தியாக வேண்டும்.

இப்போது இந்த 86,000 ரூபாய்க்கு உள்ள வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, பணத்தை வி.பி.எஃப்.-இலேயே விட்டுவிடுவது. 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட 8.25 விழுக்காட்டில் 31.2 விழுக்காடு வரி போனால் கைக்கு நிற்பது சுமார் 5.68 விழுக்காடு. 20 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு இது 6.53 ஆக இருக்கும். முழு விலக்கில் 8.25 பெற்றுப் பழகியவருக்கு இது பெரிய சரிவாகத் தோன்றலாம். ஆனால் சரியான ஒப்பீடு பழைய 8.25 உடன் அல்ல, அதே பணம் இன்று வேறிடத்தில் என்ன ஈட்டும் என்பதுடன்தான்.

இரண்டாவது, வங்கியின் நிரந்தர வைப்பு. 7 விழுக்காடு தரும் வைப்பு என்று வைத்துக்கொண்டால், அதே 31.2 விழுக்காட்டு வரிக்குப் பின் 4.82 விழுக்காடு மிஞ்சும். இரண்டு வட்டிக்கும் ஒரே வரிதான் என்பதால், வைப்பின் வட்டி 8.25-ஐத் தாண்டினாலொழிய வரம்பு மீறிய பி.எஃப்.-ஐ வெல்ல முடியாது. ‘வரி வந்துவிட்டது, இனி வி.பி.எஃப். வேண்டாம்’ என்று நிறுத்திவிட்டு அதே பணத்தை வங்கியில் போட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது. வரியைத் தவிர்த்ததாக நினைத்து, அதே வரியைக் குறைந்த வட்டியின் மேல் கட்டுகிறார்கள். அவசரத்துக்கு உடனே எடுக்க வேண்டிய பணம் என்றால் மட்டும் வங்கியே சரி.

மூன்றாவது, பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். 2020 ஏப்ரல் முதல் 7.1 விழுக்காட்டில் நிற்கும் இதன் வட்டிக்கு முழு வரி விலக்கு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் அந்த விலக்கு தொடர்கிறது, முதலீட்டுக்கான கழிவுதான் அங்கே கிடைக்காது. நமது வரி விகிதம் ஏறத்தாழ 14 விழுக்காட்டைத் தாண்டினால், வரம்பு மீறிய பி.எஃப்.-இன் வரிக்குப் பிந்தைய வட்டி 7.1-க்குக் கீழே போய்விடும். இரண்டரை லட்சத்தைத் தாண்டிக் கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்த விகிதத்துக்கு மேலேதான் இருப்பார்கள். ஆண்டுக்கு 1,50,000 ரூபாய்தான் உச்சவரம்பு, சிறுவயதுப் பிள்ளையின் பெயரில் தொடங்கிய கணக்கும் அந்த வரம்புக்குள் அடங்கும், முதிர்ச்சிக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்பவை இதன் எல்லைகள். மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும்.

நம் எடுத்துக்காட்டுக்காரர் செய்யக்கூடியது இதுதான்: கட்டாயப் பிடித்தம் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் போக, வரம்புக்குள் மிஞ்சியிருப்பது 34,000. எனவே வி.பி.எஃப்.-ஐ மாதம் 10,000-இலிருந்து 2,800 ஆகக் குறைத்து, மீதி 7,200 ரூபாயைப் பி.பி.எஃப்.-க்கு மாற்றிவிடலாம். ஆண்டுக்கு 86,000 ரூபாயை ஆண்டு இறுதியில் ஒரே தவணையாகப் பதினைந்து ஆண்டுகள் கட்டுவதாகவும், வட்டியும் வரியும் மாறாததாகவும் வைத்துக் கணக்கிட்டால், வரம்பு மீறிய வி.பி.எஃப்.-இல் வரிபோக சுமார் 19.5 லட்சமும், பி.பி.எஃப்.-இல் 21.8 லட்சமும், 7 விழுக்காடு வங்கி வைப்பில் 18.3 லட்சமும் சேரும். ஏறத்தாழ இரண்டேகால் லட்சமாக உள்ள இந்த வேறுபாட்டைப் பெற, சம்பளப் பிரிவில் ஒரு படிவத்தை மாற்றிக் கொடுத்தாலே போதும். பல நிறுவனங்கள் வி.பி.எஃப். தொகையை நிதியாண்டின் தொடக்கத்தில் மட்டுமே மாற்ற அனுமதிக்கும் என்பதால், மார்ச் மாதமே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

இவை மூன்றையும் விஞ்சும் நான்காவது வழி ஒன்று உண்டு. கணவன் மனைவி இருவரும் சம்பளக்காரர்களாக இருக்கும் வீட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். வரம்பு குடும்பத்துக்கு அல்ல, தனி ஆளுக்கு. மனைவியின் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 என்றால் அவருடைய கட்டாயப் பிடித்தம் ஆண்டுக்கு 86,400 ரூபாய்தான். அவர் பெயரில் இன்னும் 1,63,600 ரூபாய் இடம் காலியாகக் கிடக்கிறது. கணவர் தம் வி.பி.எஃப்.-ஐக் குறைத்து அந்தப் பணத்தில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ள, மனைவி தம் சம்பளத்திலிருந்து வி.பி.எஃப்.-ஐ உயர்த்தினால், அதே 86,000 ரூபாய் முழு 8.25 விழுக்காட்டையும் வரியின்றி ஈட்டும். மேலே சொன்ன பதினைந்தாண்டுக் கணக்கில் இது 23.8 லட்சம் ஆகிறது. அவரவர் சம்பளத்திலிருந்து அவரவர் கட்டுவதால் இதில் ஒருவர் வருமானத்தை மற்றவர் வருமானத்துடன் சேர்த்து வரி கணக்கிடும் சிக்கலும் எழாது. ஒரே வீட்டில் ஒருவர் வரம்பைத் தாண்டி வரி கட்ட, மற்றவரின் இடம் பாதிக்கு மேல் காலியாக இருப்பதே என் கண்ணில் அதிகம் படும் இழப்பு.

தேர்வே இல்லாதவர்களும் உண்டு. முழு அடிப்படைச் சம்பளத்தின் மீது 12 விழுக்காடு பிடிக்கப்படுகையில், அந்தச் சம்பளம் மாதம் சுமார் 1,73,600 ரூபாயைத் தாண்டினாலே கட்டாயப் பிடித்தமே இரண்டரை லட்சத்தை மீறிவிடும். அவர்கள் வி.பி.எஃப்.-ஐ முழுவதுமாக நிறுத்திவிட்டு, எஞ்சியதற்கான வரியைக் கணக்கில் காட்டுவதே வழி.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வரம்பை ஒருமுறையேனும் தாண்டியிருந்தால் வரிக்குரிய வட்டியை ‘பிற ஆதாரங்களிலிருந்து வருமானம்’ என்ற தலைப்பில் காட்ட வேண்டும். சிறு அளவிலான வட்டிக்கு டி.டி.எஸ். பிடிப்பதில்லை, ஆனால் பிடித்தம் இல்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. நம் எடுத்துக்காட்டில் முதலாண்டின் 619 ரூபாய்க்கும் வரி உண்டு. வட்டி விகிதம் அறிவிக்கப்பட்டு வட்டி வரவு வைக்கப்படுவது நிதியாண்டு முடிந்த பிறகுதான் என்பதால், நம் வருமானத்தையும் பிடித்த வரியையும் காட்டும் வருமான வரித்துறை அறிக்கைகளான AIS, Form 26AS இரண்டையும் பி.எஃப். பாஸ்புக்குடன் வைத்துச் சரிபார்த்த பின்பே கணக்கைத் தாக்கல் செய்வது பாதுகாப்பு.

ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பழைய நிறுவனம் தன் சொந்த அறக்கட்டளை மூலம் பி.எஃப். நடத்தியது, புதிய நிறுவனம் ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பில் கட்டுகிறது என்று வையுங்கள். ஓரிடத்தில் 1,60,000, மற்றோரிடத்தில் 1,50,000 என்று பிரிந்து கிடந்தால், தனித்தனியே பார்க்கும் இருவர் கண்ணிலும் வரம்பு மீறியதாகத் தெரியாது, டி.டி.எஸ்.-உம் பிடிக்கப்படாமல் போகலாம். ஆனால் வரம்பு ஆளுக்குத்தான் என்பதால் 60,000 ரூபாய் வரிக்குரிய பேரேட்டைச் சேர்ந்தது. இரண்டு நிறுவனங்களின் கடைசிச் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து, ஆண்டு முழுமைக்கும் பிடித்த பி.எஃப்., வி.பி.எஃப். தொகைகளை நாமே கூட்டிப் பார்த்தால்தான் அது தெரியவரும்.