12 சதவீதமா, 13.5 சதவீதமா: மச்சானின் வீட்டுக் கடன் கணக்கு

கல்லடியில் வீடு கட்ட மச்சான் எடுத்த கடனில் இன்னும் 24 இலட்சம் ரூபாய் பாக்கி. வட்டி 16 சதவீதம், மாதம் 58,363 ரூபாயாக 60 தவணை கிடக்கிறது. வட்டி வீதங்கள் இறங்கியபின் நகரத்தில் இன்னொரு வங்கி 12 சதவீதத்துக்குத் தருவதாகச் சொல்ல, கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஏழு வருசமாக்கினா மாசம் பதினாறாயிரம் மிச்சம் மச்சான்!"

தவணை 42,366 ஆகக் குறைவது உண்மைதான். ஆனால் அந்தப் பதினாறாயிரத்தில் பெரும்பங்கு வட்டி குறைந்ததால் வந்ததல்ல, இரண்டு வருடம் கூடுதலாகக் கட்டுவதால் வந்தது. அதே ஐந்து வருடத்துக்கே எடுத்தால் தவணை 53,387. வட்டி குறைந்ததால் வரும் மிச்சம் மாதம் 4,976 ரூபாய் மட்டும்.

அப்புறம் செலவு. பழைய வங்கி, காலத்துக்கு முன் கடனை மூடினால் பாக்கியில் 3 சதவீதம் கேட்கிறது: 72,000. பழைய ஈட்டை விடுவிக்க, புதிய ஈட்டு உறுதி எழுத, காணிப் பதிவகத்தில் பதிய, காணியை மதிப்பிட என்று இன்னொரு 68,000. ஆக 1,40,000 ரூபாய் முதல் நாளே கையை விட்டுப் போகும்.

4,976ஐ 60ஆல் பெருக்கி, 'இரண்டு இலட்சத்து தொண்ணூற்றெட்டாயிரம் மிச்சம், செலவு போக ஒன்றரை இலட்சத்துக்கு மேல் லாபம்' என்று பலர் சொல்வார்கள். செலவு இன்று போகிறது, மிச்சமோ ஐந்து வருடமாகச் சொட்டுச் சொட்டாக வருகிறது. செலவுக் காசை மச்சான் 8 சதவீதம் தரும் நிலையான வைப்பில் இருந்துதான் எடுக்கவேண்டும். அதனால் வரப்போகும் மிச்சத்தையும் 8 சதவீதத்தில் கழித்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தேன். கடைசித் தவணையில் மிச்சமாகும் 4,976 ரூபாய் இன்றைக்கு ஏறத்தாழ 3,340 ரூபாய்தான். எக்செல்லில் இது ஒரு வரி:

```
=PV(0.08/12,60,-4976)
```

விடை சுமார் 2,45,400. செலவைக் கழித்தால் 1,05,400.

இனி நான் மச்சானிடம் சொன்னது: கடிதத்தைப் பழைய வங்கி முகாமையாளரிடம் காட்டு. காட்டினான். ஒரு கிழமை கழித்து 13.5 சதவீதத்துக்கு இறக்கித் தருவதாகச் சொன்னார்கள். பழைய ஈடு அப்படியே இருக்கும், ஒப்பந்தத்தைத் திருத்த 10,000 ரூபாய் மட்டும். தவணை 55,224.

| வழி | மிச்சத்தின் இன்றைய பெறுமதி | செலவு | கையில் நிற்பது |
|---|---|---|---|
| புதிய வங்கி, 12%, 5 வருடம் | 2,45,400 | 1,40,000 | 1,05,400 |
| புதிய வங்கி, 12%, 7 வருடம் | 1,60,200 | 1,40,000 | 20,200 |
| பழைய வங்கி, 13.5%, 5 வருடம் | 1,54,800 | 10,000 | 1,44,800 |

கூடிய வட்டிதான் வென்றது. மச்சான் நம்பவில்லை, எக்செல்லை என் கையிலிருந்து வாங்கி இலக்கங்களைத் தானே மாற்றிப் பார்த்தான். 8க்குப் பதிலாக 12 போட்டாலும் பழைய வங்கிதான் முன்னுக்கு வந்தது. முதலில் அவனுக்கு ஆசை காட்டிய ஏழு வருட வழி, 8 சதவீதத்தில் கடைசி இடம். மாதாமாதம் உண்மையிலேயே கை இறுகுகிறவருக்கு அது தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை லாபம் என்று சொல்லக்கூடாது.

இந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் பொருந்தாது. புதிய வங்கிக்கு மாறும் செலவு ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கினால் 12 சதவீதம் முந்திவிடும். மச்சானின் பழைய ஒப்பந்தத்தில் அந்த 3 சதவீதம் இல்லாதிருந்தால் செலவு 68,000 தான், நானே மாறச் சொல்லியிருப்பேன். ஆகவே வட்டியை விசாரிக்குமுன் பழைய ஒப்பந்தத்தை எடுத்து, காலத்துக்கு முன் மூடுவது பற்றிய பந்தியை வாசியுங்கள்.

மச்சான் விடவில்லை. புதிய வங்கிக்குத் திரும்பப் போய்ப் பேசி, உறுதி, மதிப்பீட்டுச் செலவில் பாதியை அவர்களே ஏற்க வைத்துவிட்டான். செலவு 1,06,000 ஆகக் குறைந்து, கையில் நிற்பது 1,39,400 ஆனது. இரண்டுக்கும் இடையே இப்போது வெறும் 5,400 ரூபாய். இவ்வளவு நெருங்கிவிட்டால் கணக்கை வைத்து முடிவெடுக்க முடியாது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்தோம்: 12 சதவீதம் முதல் இரண்டு வருடத்துக்குத்தான், பிறகு சந்தை வீதத்தோடு ஏறி இறங்கும். 2022இன் முடிவில் இலங்கை வங்கிகள் நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுத்த முதன்மை வீதமே 25 சதவீதத்தைத் தாண்டி நின்றது. பழைய வங்கியின் 13.5 ஐந்து வருடமும் மாறாது.

மச்சான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, திருத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட எப்போது போகலாம் என்று கேட்டான்.