காகிதக் கடைக்குள் இரும்பு பீம் மெசனைன்: ஐந்து வருடம் பாரம் ஏற்றிப் பார்த்த பிறகு

மதுரையில் எங்கள் ஸ்டேஷனரி மொத்தக் கடை 13 அடி அகலம், 38 அடி நீளம். பழைய கட்டடம் என்பதால் உயரம் மட்டும் தாராளம், 16 அடி. மே மாதம் சிவகாசியிலிருந்து நோட்டு லோடு வந்துவிட்டால் வாடிக்கையாளர் நிற்க இடம் இருக்காது. அதனால் 2019-ல் கடையின் பின்பகுதியில் 13க்கு 12 அடி அளவில் ஒரு மெசனைன் தளம், அதாவது பாதி உயரத்தில் ஓர் இடைத்தளம், போட்டோம். நான்கு இரும்புத் தூண், ஐ-பீம், மேலே டெக்கிங் ஷீட், அதன் மேல் கான்கிரீட். கீழே ஏழரை அடி, தளத்துக்கு ஒரு அடி, மேலே ஏழரை அடி. இதே மாதிரி போடலாமா என்று கேட்பவர்கள் எல்லாருமே "எவ்வளவு ஆச்சு" என்று தொடங்குகிறார்கள். "எவ்வளவு தாங்கும்" என்பதுதான் முதல் கேள்வி. நான் எழுத வந்ததும் அதைத்தான்.

முதலில் பார்க்க வந்த வெல்டிங் பட்டறைக்காரர் அளவெடுத்துவிட்டு, 100 மி.மீ. இரும்புச் சேனலை மூன்று அடிக்கு ஒன்றாகச் சுவரில் துளைபோட்டு நுழைத்துவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார். ஊரில் பாதிக் கடைகளில் அப்படித்தான் இருக்கிறது. துணிக்கடையில் காலி அட்டைப்பெட்டி வைக்க அது போதும். நாங்கள் வைப்பது காகிதம் என்பதால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க மேலே கடை நடத்தப் போறீங்களா, குடோன் வைக்கப் போறீங்களா?"

இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. நம் நாட்டுக் கட்டடங்களுக்கான பாரக் கணக்கு IS 875 இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதில் சில்லறைக் கடைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன். நம் பேச்சு வழக்கில் சொன்னால் சதுர அடிக்கு ஏறக்குறைய 38 கிலோ. பொருள் அடுக்கும் குடோன் என்றால் குறைந்தபட்சமே 7.5 கிலோநியூட்டன், அதாவது சதுர அடிக்கு 70 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பொருளைப் பொறுத்தும், அடுக்கும் உயரத்தைப் பொறுத்தும் அது இன்னும் மேலே போகும்.

காகிதம் எவ்வளவு கனம் என்று எங்களைப் போன்ற தொழிலில் இருப்பவர்களே யோசிப்பதில்லை. 75 ஜி.எஸ்.எம். ஏ4 ரீம் ஒன்று 2.3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து ரீம் பெட்டி ஏறக்குறைய 12 கிலோ. அப்படிப் பெட்டிகளை ஒரு சதுர அடி இடத்தில் ஒரு அடி உயரத்துக்கு அடுக்கினால் சுமார் 20 கிலோ வருகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் வாய்க்கணக்குதான். கடைக் கணக்கில் 38 கிலோவுக்குப் போட்ட தளம் இரண்டு அடி உயர அடுக்கிலேயே எல்லையைத் தொட்டுவிடும். 70 கிலோ தளம் மூன்றரை அடி வரை தாங்கும். ஆனால் பையன்கள் அடுக்குவது நெஞ்சு உயரத்துக்கு!

இன்ஜினியர் அந்த 100 மி.மீ. சேனலுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று அடி இடைவெளி, தாங்கும் இடங்களுக்கு நடுவே பதினொன்றரை அடி ஸ்பான், குடோன் பாரம், கூடவே தளத்தின் சொந்த எடை. கான்கிரீட்டும் ஷீட்டும் மட்டும் சதுர அடிக்கு 20 கிலோ வரும், அதைப் பலர் சேர்ப்பதே இல்லை. சாதாரண எம்.எஸ். இரும்பு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டனில் வளைந்துவிடும், 165க்குள் வைத்துக்கொள்வது பழைய நடைமுறை. அந்தச் சேனலில் சதுர மில்லிமீட்டருக்கு வந்த விசை, அதாவது தகைவு, 350ஐத் தாண்டியது. அதாவது வளைந்து அப்படியே நின்றுவிடும், பாரத்தை எடுத்தாலும் நிமிராது. கடைக் கணக்கின்படி வெறும் 38 கிலோ என்று வைத்தாலும் 220க்கு மேல் போனது. 150 மி.மீ. ஐ-பீமை நாலு அடிக்கு ஒன்று போட்டால் கடைக் கணக்குக்குச் சரி, குடோனுக்குப் போதவில்லை. கடைசியில் எல்லாமே 200 மி.மீ. ஐ-பீம். குறுக்கே நான்கு, இரண்டு பக்கமும் அவற்றைத் தாங்க நீளவாக்கில் ஒவ்வொன்று. மீட்டருக்கு 25 கிலோ எடை, சேனல் பத்துக்கும் கீழே. இரும்புச் செலவு கூடியது உண்மைதான், ஆனால் டெக்கிங், கான்கிரீட், கூலி எல்லாம் எப்படிப் போட்டாலும் அதேதான்.

சுவரில் ஏன் நுழைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதுவும் பக்கத்துக் கடைக்குப் பொதுச் சுவர். பீமின் முனையில் டன் கணக்கில் இறங்கும் பாரம் நான்கு அங்குலப் பொந்தில் உட்கார்ந்தால் அந்த இடத்துச் செங்கல் நொறுங்கும், விரிசல் அவர்கள் பக்கம்தான் முதலில் தெரியும். அதனால் தனித் தூண். மொத்தத் தளம் 156 சதுர அடி, சதுர அடிக்கு 70ம் 20ம் சேர்த்து 90 கிலோ, அப்புறம் இரும்பின் எடை. பதினாலரை டன் வருகிறது. ஒரு தூணுக்கு மூன்றரை டன்னுக்கு மேல். இதைத் தரை டைல்ஸ் மேல் பேஸ் பிளேட் வைத்து நாலு ஆங்கர் போல்ட் அடித்து முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டைல்ஸுக்குக் கீழே இருப்பது நாலு அங்குல ஜல்லிக் கான்கிரீட், அதற்குக் கீழே கட்டும்போது கொட்டிய மண். நாங்கள் தரையை உடைத்து ஒவ்வொரு தூணுக்கும் தனி அஸ்திவாரம் போட்டோம். சுவரின் அஸ்திவாரம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததால் தூணை முக்கால் அடி தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அதில் போன இடத்துக்கு எனக்கு வருத்தம் இல்லை.

கடைக்குள் வெல்டிங் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சுற்றிலும் காகிதம், ஒரு பொறி போதும். வெட்டுவது, துளை போடுவது எல்லாம் பட்டறையிலேயே முடித்து, இங்கே போல்ட் போட்டு மட்டும் பூட்டினார்கள். வாடகைக் கடை என்பதால் நாளைக்கு இரும்பைக் கழற்றிக்கொண்டு போகவும் முடியும். ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் கோடு ஒன்று, நட்டிலிருந்து பிளேட் வரை, போட்டு வைத்திருக்கிறோம். நட்டு திரும்பினால் கோடு விலகிக் காட்டிவிடும். முதல் வருடம் இரண்டு நட்டு லேசாகத் திரும்பியிருந்தது, இறுக்கினோம், அதன்பின் இல்லை.

இனி புழக்கத்துக்கு வருகிறேன். இந்த ஐந்து வருடத்தில் நான் புரிந்துகொண்டதில் முக்கியமானது, எவ்வளவு வைக்கிறோம் என்பதைப் போலவே எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கு. தளத்தின் பாதிப் பரப்பில்தான் அடுக்குகிறோம், மீதி நடக்க வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை இரண்டு சுவரோரமும் பிரித்து வைத்து நடுவில் வழி விட்டால், பரவலாக வைத்ததைவிடக் குறுக்கு பீமை வளைக்கும் விசை பாதியாகிவிடும். அதே எடையை நடுவில் குவித்துச் சுவரோரம் வழி விட்டால் ஒன்றரை மடங்காகும். ஒரே சரக்கு, ஒரே எடை, ஆனால் இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்.

இதை நேரிலேயே பார்த்தோம். ஒரு மே மாதம் லோடு இரவில் வந்தது, இறக்கினவர்கள் படியேறியதும் எதிரில் இருந்த நடுப்பகுதியிலேயே ஐந்து அடி உயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். அடுக்கிய இடத்தில் சதுர அடிக்கு 100 கிலோ. பாதித் தளம்தானே, சராசரி 50தான், 70க்குள் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் நடுவில் இருப்பதால் ஒன்றரை மடங்கு, 75 கிலோ பரவலாக வைத்ததற்குச் சமம். எல்லை தாண்டிவிட்டது. பீமின் அடியில் இரண்டு முனையிலும் ஒரே உயரக் கட்டை வைத்து மெல்லிய நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து எழுதி வைப்பது எங்கள் வழக்கம். அன்று நடு பீம் வழக்கத்தைவிட 4 மி.மீ. இறங்கியிருந்தது. அந்த நீளத்துக்கு 12 மி.மீ. வரை அனுமதி உண்டு, ஆபத்து என்று சொல்ல முடியாது. மறுநாளே சுவரோரம் மாற்றினோம், நூல் பழைய அளவுக்கு வந்துவிட்டது. திரும்பி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாரத்தை எடுத்த பிறகும் 2, 3 மி.மீ. இறக்கம் அப்படியே நின்றால், அல்லது வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனால், தளத்தைக் காலி செய்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பட்டறைக்காரரைக் கூப்பிட்டு அடியில் ஒரு பைப் முட்டுக் கொடுக்கச் சொல்லாதீர்கள், அந்த முட்டு நிற்கப் போவது அஸ்திவாரம் இல்லாத தரையில்.

அதற்குப் பிறகு சுவரில் மூன்று அடி உயரத்தில் சிவப்புக் கோடு அடித்துவிட்டோம். கோட்டுக்கு மேல் பெட்டி போகாது. "சதுர அடிக்கு 70 கிலோ" என்று போர்டு எழுதி வைத்தால் லோடு இறக்குகிறவருக்கு அது என்ன உதவி? அவர் கையில் தராசு இல்லை, கோடு கண்ணுக்குத் தெரியும். வழிக்கும் தரையில் மஞ்சள் கோடு உண்டு.

டெக்கிங் மேல் கான்கிரீட் போட்டது சரியான முடிவு. செக்கர்டு பிளேட் போட்ட கடைகளில் மேலே ஆள் நடந்தால் கீழே பேச முடியாது. இங்கே தள்ளுவண்டி உருட்டினாலும் கீழே அவ்வளவாகக் கேட்பதில்லை. பீமுக்கு நேர் மேலே கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் இரண்டு உண்டு. கம்பி வலை போட்டிருப்பதால் அகலமாகவில்லை, இன்ஜினியரும் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். குறை என்றால் இரண்டு. சித்திரை வெயிலில் மொட்டை மாடிச் சூடு நேராகத் தலையில் இறங்குவதால் மதியம் மேலே ஆள் நிற்க முடிவதில்லை, சரக்கு எடுப்பதெல்லாம் காலையிலேயே. இன்னொன்று துரு. தூணின் அடி தரை மட்டத்திலேயே இருப்பதால் தினமும் துடைக்கிற தண்ணீர் பேஸ் பிளேட்டைச் சுற்றித் தேங்குகிறது, மூன்றாம் வருடமே பெயின்ட் உரிந்தது. சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, சுற்றிலும் சரிவாகச் சிமென்ட் பூசினோம். புதிதாகப் போடுகிறவர்கள் அஸ்திவாரத்தையே தரைக்கு மேல் ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டி அதன் மேல் தூணை நிறுத்துங்கள்.

கட்டிங் மெஷினை மேலே ஏற்றலாமா என்று எங்கள் அண்ணன் ஒருமுறை கேட்டார். மெஷின் 800 கிலோ, அடி இடம் பத்து சதுர அடி, அதனால் சதுர அடிக்கு 80தானே என்றார். ஆனால் அந்த எடை நிற்பது நான்கு கால்களில், ஒவ்வொரு காலிலும் 200 கிலோ, உள்ளங்கை அளவு இடத்தில். கால் டெக்கிங்கின் மெல்லிய பகுதியில், இரண்டு பீமுக்கு நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று பரவலான பாரத்துக்குப் போட்ட கணக்கு சொல்லாது, அதற்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். மெஷின் கீழேயே இருக்கிறது, மேலே காகிதம் மட்டும்தான்.