சோப்புப் பெட்டிக்கு டை: இணைய டெம்ப்ளேட்டா, பிரஸ்ஸின் பழைய டையா, நாமே வரைவதா?

வீட்டில் சோப்பு செய்து விற்கிறோம். 100 கிராம் கட்டி, சுமார் 75 x 52 x 25 மி.மீ. அளவு. இதற்குப் பெட்டி அடிக்கும்போது மூன்று வழிகள் எதிரே வந்தன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டில் அளவைப் போட்டு டைலைன், அதாவது எங்கே வெட்டுவது எங்கே மடிப்பது என்று காட்டும் வரைபடம், எடுத்துக்கொள்வது ஒன்று. அட்டையை வெட்டி மடிப்பு பதிக்கும் அச்சுதான் டை; சிவகாசி பிரஸ்ஸில் ஏற்கெனவே கிடக்கும் பழைய டை ஒன்றை எடுத்து அந்தப் பெட்டிக்குள் நம் சோப்பை அடக்குவது இரண்டு. நாமே கோடு போட்டு வரைவது மூன்று. மூன்றையும் செய்து பார்த்தாயிற்று. இப்போது நாங்களே வரைகிறோம், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

பழைய டையை முதலில் முடித்துவிடுகிறேன். டைக்குத் தனியாகப் பணம் கிடையாது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பஞ்சிங் ஓடிய டை என்பதால் மடிப்பு சரியாக விழுமா, மூடி நிற்குமா என்ற பயமும் கிடையாது. குறை ஒன்றுதான்: அளவு நம்முடையது இல்லை. எங்களுக்குக் கிடைத்ததில் சோப்பு 4 மி.மீ. லூசாக இருந்தது, ஆட்டினால் டக் டக் என்று சத்தம். சோப்பை டிஷ்யூ தாளில் சுற்றி வைத்துச் சமாளித்தோம். முதல் 500 பெட்டிக்கு இதுவே போதும் என்று இன்றும் சொல்வேன். சோப்பு அளவே இன்னும் நிலைக்காத நேரத்தில் புது டை அடிப்பது வீண்.

அடி வாங்கியது டெம்ப்ளேட் வழியில். டெம்ப்ளேட் தளத்தில் நீளம், அகலம், உயரம் என்று மூன்று கட்டங்கள். நிரப்பினால் அழகான PDF வந்துவிடும். எங்கள் கட்டிகள் கையால் வெட்டியவை, ஒன்று போல ஒன்று இருக்காது. இருபது கட்டியை அளந்ததில் பெரியது 76.5 x 53 x 26 மி.மீ. வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் 1 மி.மீ. சேர்த்து 77.5 x 54 x 27 என்று போட்டேன். சாதாரண ஜெராக்ஸ் தாளில் அச்செடுத்து, வெட்டி, ஒட்டி, பெரிய கட்டியையே உள்ளே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் போனது. சரி என்று சொல்லி 2,000 பெட்டி அடித்தோம். வந்த பெட்டியில் பத்துக்கு மூன்று கட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. இரவு மூடி வைத்தால் காலையில் திறந்து கிடக்கும்.

தாளில் சரியாக இருந்தது அட்டையில் ஏன் இடித்தது? காரணம் அட்டையின் தடிமன். மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு விஷயம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் பெட்டியில் உயரம் அந்த 77.5. டைலைனில் உயரம் என்பது மேல் மடிப்புக் கோட்டிலிருந்து கீழ் மடிப்புக் கோடு வரை உள்ள தூரம். அட்டை மடியும்போது அந்தக் கோடு அட்டையின் தடிமனுக்கு நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்போது மேல் மூடி தன் தடிமனில் பாதியை உள்ளே எடுத்துக்கொள்ளும், கீழ் மூடி பாதியை எடுத்துக்கொள்ளும், ஆக ஒரு தடிமன் போயிற்று. மூடிக்கு அடியில் பக்கவாட்டிலிருந்து மடிந்து வரும் சின்னக் காதுகள், டஸ்ட் பிளாப் என்பார்கள், மேலே ஒரு தடிமன், கீழே ஒரு தடிமன் தின்னும். மொத்தம் மூன்று தடிமன். ஜெராக்ஸ் தாள் 0.1 மி.மீ. மொத்தமே 0.3 தான் குறையும், 77.5-ல் 77.2 மிச்சம், 76.5 மி.மீ. கட்டி நன்றாகவே போகும். எங்கள் 300 ஜிஎஸ்எம் டூப்ளக்ஸ் அட்டை 0.4 மி.மீ. மூன்று சேர்ந்தால் 1.2. மிச்சம் 76.3. கட்டி 76.5. நான் விட்ட 1 மி.மீ. இடைவெளியையும் தாண்டி அட்டையே சாப்பிட்டுவிட்டது. நான் போட்ட அளவு உள் அளவா, மடிப்புக்கு மடிப்பு அளவா என்று அந்தத் தளம் கேட்கவே இல்லை. நானும் யோசிக்கவில்லை.

தடிமனை ஜிஎஸ்எம் வைத்து ஊகிக்கவும் கூடாது. ஜிஎஸ்எம் என்பது எடை. அதே 300 ஜிஎஸ்எம் எடையில் டூப்ளக்ஸ் 0.40 இருந்தது, இன்னொரு முறை பிரஸ் கொடுத்த எஃப்பிபி அட்டை 0.48 இருந்தது. மூன்றால் பெருக்கினால் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். பத்து அட்டையை அடுக்கி வெர்னியரில் அளந்து பத்தால் வகுத்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

நாமே வரைந்தால் இந்தத் தடிமனை ஒவ்வொரு கோட்டிலும் வைக்கலாம். டெம்ப்ளேட்டுக்குப் பிறகு அதே டூப்ளக்ஸ் அட்டைக்கு நாங்களே போட்ட கணக்கு இது. உள்ளே வேண்டியது 77.5 x 54 x 27. உயரத்துக்கு மூன்று தடிமன் சேர்த்து 78.7, முழுசாக்கி 79. சுற்றுப் பக்கங்களுக்கு ஒரு தடிமன் சேர்த்து 54.5, 27.5. இடமிருந்து வலமாக ஒட்டுமடல் 12, பிறகு 54.5, 27.5, 54.5, கடைசிப் பக்கம் மட்டும் 27. அந்தக் கடைசிப் பக்கம் ஒட்டுமடலின் மேல் வந்து உட்காரும். அதையும் 27.5 வைத்தால் மூலையைத் தாண்டி விளிம்பு வெளியே நீட்டும், பெட்டியைத் தட்டையாக மடித்தால் கோணலாகும். டஸ்ட் பிளாப் மடியும் கோட்டை மூடியின் கோட்டைவிட ஒரு தடிமன் உள்ளே தள்ளி வைத்தேன். மூடி அதன் மேல் படிந்து தட்டையாக நிற்பது அதனால்தான். மூடியின் நாக்கு இரண்டு பக்கமும் அரை மி.மீ. குறுகலாக. விரித்த அளவு சுமார் 175 x 164, ஒரு A4 தாளில் அடங்கிவிடும்.

வரைவதற்கு இன்க்ஸ்கேப் போதும், இலவசம். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அது கோட்டின் பருமனையும் சேர்த்தே அளவு காட்டும். 54.5 மி.மீ. கட்டத்துக்கு 0.25 மி.மீ. கோடு போட்டிருந்தால் 54.75 என்று வரும், நாம் அதைத் 'திருத்தி' உண்மையான அளவைக் கெடுத்துவிடுவோம். `Edit > Preferences > Tools` போய் `Geometric bounding box` தேர்ந்தெடுத்தால் தொல்லை தீர்ந்தது. வெட்டுக் கோடு தொடர்கோடு, மடிப்பு புள்ளிக்கோடு, டிசைனுக்குத் தனி லேயர், வெளி விளிம்பில் 3 மி.மீ. பிளீட். இதெல்லாம் எந்தப் பிரஸ்ஸும் சொல்லிவிடும்.

அடுத்தது டம்மி. ஜெராக்ஸ் தாள் டம்மியை நான் இப்போது டிசைன் எங்கே விழுகிறது, எழுத்து தலைகீழாகப் போகிறதா என்று பார்க்க மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். அளவு பார்க்க பிரஸ்ஸில் ஓடப்போகும் அதே அட்டை வேண்டும். நாலைந்து தாள் கேட்டால் கொடுப்பார்கள். டைலைனின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, அச்செடுக்கும்போது `Actual size` வைத்து, ஸ்கேலால் அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். `Fit` இருந்தால் 97 என்று சுருங்கி வந்து அத்தனை கணக்கையும் கேலி செய்யும்.

அட்டையை வெட்டும் திசையும் முக்கியம். அட்டைக்கு நார் ஓட்டம் உண்டு, கிரெயின் என்பார்கள். இந்த மாதிரிப் பெட்டிக்கு அது பெட்டியைச் சுற்றி ஓடுவதுதான் வழக்கம், உயரவாக்கில் அல்ல. மாறிப் போனால் பக்கங்கள் வயிறு தள்ளும். ஒரே அளவில் இரண்டு துண்டு குறுக்கும் நெடுக்குமாக வெட்டி நுனியைப் பிடித்தால், அதிகம் தொங்குவது நாருக்குக் குறுக்கே வெட்டிய துண்டு. டம்மியும் அச்சில் ஓடும் அதே திசையில் இருக்கட்டும்.

மடிப்பை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால், ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அச்சாகும் வெளிப்பக்கத்திலிருந்து அழுத்துங்கள். உள்பக்கம் ஒரு சிறு வரப்பு எழும்பும். அந்த வரப்பு உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். பலர் மாற்றி மடிப்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்தவன்தான். மாற்றி மடித்தால் மேல்தோல் வெடிக்கும், டைமேல் பழி போடுவோம்.

பெட்டி தயாரானதும் சராசரிக் கட்டியை வைக்காதீர்கள். இருபதில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரியது வைத்து மூடி இரவு முழுக்க விட்டால் காலையில் மூடி எழும்பியிருக்கக் கூடாது. சிறியது வைத்து ஆட்டினால் சத்தம் பொறுக்கும்படி இருக்க வேண்டும். மூடியை இருபது தடவை திறந்து மூடினால் நாக்கின் பிடி தளர்கிறதா என்று தெரியும். சோப்பு ஈரம் விடும் பொருள் என்பதால் மூன்று நாள் உள்ளேயே விட்டுப் பார்க்கிறேன். எங்கள் நலங்குமாவு சோப்பில் எண்ணெய்க் கறை அட்டையில் ஊறியது இப்படித்தான் பிடிபட்டது.

கை டம்மிக்கும் எல்லை உண்டு. பேனா மடிப்பு டையின் மடிப்பு போல ஒரே சீராக இருக்காது. மடிப்பில் மை வெடிக்குமா, லேமினேஷன் மேல் பசை பிடிக்குமா என்பது வெள்ளை அட்டையில் தெரியவே தெரியாது. ஒட்டுமடலிலும் அது ஒட்டும் இடத்திலும் மை, லேமினேஷன் இல்லாமல் விட்டுவிடச் சொல்வதே பத்திரம். சில பிரஸ்கள் பிளாட்டரில் மாதிரி வெட்டித் தருகின்றன. ஒருமுறைதான் எடுத்திருக்கிறேன், என் கைவெட்டைவிட சுத்தமாக இருந்தது, அளவில் வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடிப் பாட்டில் போல கனமான பொருளுக்கு அடியில் தானே பூட்டிக்கொள்ளும் பெட்டி வேண்டும். அதை நான் வரைந்ததில்லை, பிரஸ்ஸின் டிசைனரிடமே விடுவேன்.

மூன்றாவது முறை 3,000 அடித்தோம். டை செய்யக் கொடுக்கும் முன் கையில் ஐந்து டம்மி போட்டதில் இரண்டாவதில் டஸ்ட் பிளாப் மூலை ஒட்டுமடலில் உரசுவது தெரிந்தது, ஓரத்தை 1 மி.மீ. சாய்த்தேன். இப்போது அட்டை மாறினால் தடிமனை மறுபடி அளந்து கோடுகளை நகர்த்திவிடுகிறேன். டெம்ப்ளேட் PDF மட்டும் கையில் இருந்திருந்தால் எந்தக் கோட்டை நகர்த்துவது என்றே தெரிந்திருக்காது.