மாஸ்க்குக்குள் வருவதை மாற்ற: ஸ்ட்ரெங்த்தா, சீட் எண்ணா?

திருவல்லிக்கேணியில் எங்கள் பழைய வீட்டின் படத்தில், திண்ணையை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்பு ஸ்கூட்டர் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு மஞ்சள் சுவரையும் திண்ணையையும் வரவைக்க வேண்டும். படத்தில் ஒரு பகுதியை மட்டும் AI-யை வைத்து மறுபடி வரையவைக்கும் Stable Diffusion இன்பெயின்டிங்கில், ஸ்கூட்டர் மேல் மாஸ்க் போட்டு, `Masked content`-ஐ `original`-இல் வைத்தேன். இனி சீட் எண்ணை மாற்றிப் பார்ப்பதா, டீநாய்சிங் ஸ்ட்ரெங்த்தை ஏற்றுவதா? என் கட்சி ஸ்ட்ரெங்த்தான்.

சீட் எண் என்பது தூவப்படும் நாய்ஸ், அதாவது தாறுமாறான புள்ளிகள், எந்த அமைப்பில் விழும் என்பதை முடிவு செய்கிறது, அவ்வளவுதான். அந்த நாய்ஸ் எவ்வளவு என்பது ஸ்ட்ரெங்த்தின் கையில். மாஸ்க்குக்குள் இருக்கும் பழைய படத்தின் மேல் அதைத் தூவிவிட்டுத்தான் மாடல் ஸ்டெப் ஸ்டெப்பாகத் துடைக்க ஆரம்பிக்கிறது. 30 ஸ்டெப், 0.5 ஸ்ட்ரெங்த் என்றால் ஓடுவது கடைசி 15 ஸ்டெப் மட்டுமே. பெரிய உருவமும் வெளிச்சம்-இருட்டும் முடிவாவது முதல் ஸ்டெப்புகளில். அவற்றைத் தாண்டி உள்ளே நுழைவதால், கறுப்புத் திட்டு அப்படியே மிச்சமிருக்கும். எந்த சீட் போட்டாலும் ஸ்கூட்டர் கண்ணாடியின் வளைவும் இருக்கையின் பளபளப்பும் மாறுமே தவிர, ஸ்கூட்டர் ஸ்கூட்டராகவே நிற்கும்.

சிக்கலான இடம் 0.75. ஸ்கூட்டர் கரைந்துவிடும், கறுப்புத் திட்டு கரையாது. சுவர் என்று பிராம்ப்ட்டில் எழுதியிருந்தாலும், அந்தத் திட்டை ஏதோ ஒரு பொருளாக்கத்தான் மாடல் பார்க்கும். ஒரு சீட்டில் மூட்டை, இன்னொன்றில் தண்ணீர் டிரம், மற்றொன்றில் படுத்திருக்கும் நாய். இங்கே நின்று சீட்டை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை. 0.95-க்கு ஏற்றினால் சுவர் வருகிறது. திண்ணை விளிம்பு எங்கே விழும், காரை எங்கே பெயர்ந்திருக்கும் என்பதைத் தேர்ந்தெடுக்க அப்போதுதான் சீட் உதவும்.

அதனால் ஒரே ஸ்ட்ரெங்த்தில் நாலு சீட் ஓட்டுங்கள். நாலிலும் ஒரே குறை இருந்தால் ஸ்ட்ரெங்த்தை மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு குறை என்றால் ஸ்ட்ரெங்த் சரி, சீட்டைத் தேடலாம். நான் சொன்ன எண்கள் மாடலுக்கு மாடல் நகரும். இந்தச் சோதனை நகராது.

ஸ்ட்ரெங்த்துக்கும் ஒரு விலை உண்டு. 1.0-ஐ நெருங்கும்போது, சாதாரண மாடலில் சுவரின் மஞ்சள் வெளியிலிருக்கும் மஞ்சளோடு ஒட்டாமல் போகலாம், திண்ணைக் கோடும் விலகலாம். இன்பெயின்டிங்குக்கென்றே பழக்கிய மாடல், சுற்றியுள்ள படத்தையும் மாஸ்க்கையும் தனியாக வாங்கிக்கொள்வதால் அங்கேயும் ஓரளவு பொருத்திவிடும். அது இல்லையென்றால், ஸ்கூட்டர் மேல் சுவரின் மஞ்சளைத் தூரிகையால் கரடுமுரடாகப் பூசிவிட்டு 0.6-இல் ஓட்டுவேன். மிச்சமிருக்கும் திட்டே மஞ்சள் என்பதால் அதுவே போதும்.

0.95-இலும் நாலு படத்திலும் அதே இடத்தில் ஏதாவது முளைத்தால், தரையில் ஸ்கூட்டரின் நிழல் மாஸ்க்குக்கு வெளியே விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். நிழல் இருந்தால், அதற்கேற்ற ஒரு பொருளை மாடல் வரைந்துவிடும்.